எல்லாவற்றுக்கும் ஒரு குரூப் என்னும் தவறு

பலருக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும், கூட்டத்தில் யாராவது ஒருவர் கைபேசியைக் கையில் எடுத்துவிடுகிறார். "ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுடலாம், முடிஞ்சுது." குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளியின் பெற்றோர் கூட்டம், கோயில் திருப்பணிக் குழு, மருத்துவரின் கிளினிக், தையல் வகுப்பு எல்லாவற்றுக்கும் இதே தீர்வுதான். ஆள் கூடினால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்கும் ஒரு வாய்ப்பாடு தயாராக இருக்கிறது: 256 பேர் வரை பிராட்காஸ்ட் லிஸ்ட், 1024 பேர் வரை குரூப், அதற்கும் மேலே போனால் சேனல். செல்போன் கடைக்காரரிலிருந்து யூடியூபில் விளக்கம் சொல்பவர் வரை பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். பிராட்காஸ்ட் சின்னது, பழையது, குரூப் நடுத்தரம், சேனல் பெரியது, புதியது என்பதே இதன் உட்பொருள்.

இந்த வாய்ப்பாடு தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்த மூன்றும் ஒரே பொருளின் சின்ன, நடுத்தர, பெரிய அளவுகள் அல்ல. செய்தியைப் பெறுபவருக்கு மூன்றிலும் நடப்பது வேறு வேறு. அவருடைய தொலைபேசி எண் யார் யாருக்குத் தெரிகிறது, செய்தி வந்ததும் கைபேசி ஒலிக்கிறதா, அவர் பதில் சொன்னால் அது யாரிடம் போகிறது, செய்தி அவரைச் சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரிகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் இவை தரும் பதில்கள் ஒத்துப்போவதில்லை. தேர்வு செய்ய வேண்டியது இந்த நான்கையும் பார்த்துத்தான். ஆள் எண்ணிக்கையை முதலில் பார்ப்பவர், 30 பேருக்குக்கூடத் தவறானதைத் தேர்ந்தெடுப்பார்.

குரூப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சேதம் அதிகம் அங்கேதான். குரூப்பின் அடிப்படை ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் பார்க்கலாம். உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் எண்கள் வரிசையாக நிற்கும். உங்கள் அமைப்பைப் பொறுத்து உங்கள் முகப்புப் படமும் தெரியலாம். ஒருவரோடு ஒருவர் பேசத்தான் இந்த வசதியை உருவாக்கினார்கள், அதனால் இது அதன் குறை அல்ல. அறிவிப்புக்கு அதைப் பயன்படுத்தும்போதுதான் குறையாகிறது.

உடனே வரும் மறுமொழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "அட்மின் மட்டும் போடுற மாதிரி பூட்டிட்டா சரியாப் போச்சே." 2018-இல் வாட்ஸ்அப் இந்த வசதியைக் கொண்டுவந்தது. குரூப்பின் அமைப்புகளில் செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால், காலை வணக்கப் படங்களும் தேர்தல் வாக்குவாதங்களும் நின்றுபோகும். நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு பூட்டுவது வாயை மட்டுமே. எண்கள் முன்போலவே திறந்து கிடக்கின்றன. பூட்டிய குரூப்பில் 400 பேர் இருந்தால், 400 எண்களையும் 400 பேர் பார்க்கலாம், தம் கைபேசியில் சேமிக்கலாம், அவர்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாம். சத்தம் இல்லாததால் இதை யாரும் கவனிப்பதும் இல்லை.

"ஒரே தெருக்காரங்கதானே, நம்பர் தெரிஞ்சா என்ன?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதே கேள்வியை அந்தக் குரூப்பில் இருக்கும் ஒரு இளம்பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். முன்பின் பேசியே இராத ஒருவரிடமிருந்து இரவு பத்தரை மணிக்கு வரும் "ஹாய்" எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் வரி பற்றிய அறிவிப்புக்காகத் தன் எண்ணைச் சங்கத்துக்குக் கொடுத்தார். சங்கம் அதை அவரைக் கேட்காமலேயே ஊருக்குக் கொடுத்துவிட்டது. இதோடு மனை விற்பவர், காப்பீட்டு முகவர், உடனடிக் கடன் என்று தூண்டில் போடுபவர் எல்லோரும் வருகிறார்கள். சேர்வதற்கான இணைப்பை யாரோ இன்னொரு குரூப்பில் போட்டுவிட்டால், அதைத் தொட்டு உள்ளே வந்த ஒரே ஒரு அந்நியர் போதும், மொத்தப் பட்டியலும் அவர் கையில். புதியவர்களை அட்மின் ஒப்புதலுக்குப் பிறகே சேர்க்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இயக்கி வைத்திருக்கும் சங்கங்கள் குறைவு.

எண் தெரிவதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. சில இடங்களில், ஒருவர் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதே ஒரு தகவல். கருத்தரிப்பு மருத்துவமனை ஒன்று தன்னிடம் வருபவர்களை எல்லாம் ஒரு குரூப்பில் சேர்த்து, மருத்துவர் வரும் நாட்களை அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர். உள்ளே போன பெண் பட்டியலைப் பார்க்கிறார். தன் நாத்தனாரின் எண் அங்கே இருக்கிறது. நாத்தனாரும் இவருடைய எண்ணைப் பார்த்திருப்பார். இருவருமே வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தை மருத்துவமனையே சொல்லி முடித்துவிட்டது. மனநல ஆலோசனை, குடிநோய் மீட்பு, காசநோய் மருந்து, தங்க நகைக் கடன் தவணை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குரூப்பைப் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் கேடு ஒன்றுதான். இந்த இடங்களில் உறுப்பினர் 20 பேராக இருந்தாலும் குரூப் கூடாது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கோ 20 பேர் என்றால் குரூப்பே தாராளம்.

இனி, பழையது என்று ஒதுக்கப்பட்ட பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு வருவோம். பட்டியல் ஒன்றைத் தயார்செய்து அதில் ஒரே ஒரு முறை செய்தி போட்டால், ஒவ்வொருவருக்கும் அது தனித்தனியாக, நீங்கள் அவருக்கென்றே எழுதியதுபோல, வழக்கமான உரையாடல் பெட்டியில் போய் விழுகிறது. கைபேசி வழக்கம்போல ஒலிக்கிறது. பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்பது பெறுபவருக்குத் தெரியாது. அவர் பதில் எழுதினால் உங்களுக்கு மட்டும் வரும். நான்கு கேள்விகளில் மூன்றுக்கு, அறிவிப்புக்குத் தேவையான பதில் இதிலேயே இருக்கிறது. செய்தி சேர்ந்ததா என்ற நான்காவதற்கும் பதில் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு இரண்டு. ஒரு பட்டியலில் 256 பேர்தான். அடுத்தது, உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். "பாதிப் பேருக்குப் போகவே போகாது சார்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் குற்றச்சாட்டு கனமற்றது. பட்டியல்கள் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அதன் பயனைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவதை நான் குறையாகவே பார்க்கவில்லை. எண்ணைச் சேமிப்பது என்பது பெறுபவர் தரும் சம்மதம். அவருக்கு வேண்டாம் என்றால் அழித்துவிடலாம், அதோடு அறிவிப்புகள் நின்றுவிடும், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. குரூப்பில் சேர்க்கப்படுபவருக்கு, அவருடைய தனியுரிமை அமைப்பு இடம் கொடுத்தால், இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை, உள்ளே இழுத்துவிடலாம். அந்தச் சம்மதத்தைப் பெறுவதற்கு வேலை செய்ய வேண்டும் என்பது உண்மை. அந்த வேலையைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் குரூப்புக்கு ஓடுகிறோம்.

அந்த வேலை எவ்வளவு என்பதை ஒரு கணக்காகவே பார்ப்போம். புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் 412 வீடுகள், இரண்டு மேல்நிலைத் தொட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தொட்டி நான்கு தெருக்களில் 180 வீடுகளுக்கும், இரண்டாவது தொட்டி மீதி 232 வீடுகளுக்கும் தண்ணீர் தருகிறது. சங்கச் செயலாளர் முதலில் செய்ய வேண்டியது, சங்கத்தின் பெயரில் தனியாக ஒரு சிம் வாங்குவது. இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் பிராட்காஸ்ட் பட்டியல் அதை உருவாக்கிய கணக்கோடு ஒட்டியிருப்பது. குரூப்பில் இருப்பதுபோல இன்னொருவரைக் கூட்டு அட்மினாகச் சேர்க்க முடியாது. செயலாளர் தன் சொந்த எண்ணில் பட்டியல் வைத்துக்கொண்டால், அடுத்த தேர்தலில் அவர் மாறும்போது பட்டியலும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். மக்கள் சேமித்திருப்பதும் அவருடைய சொந்த எண்ணாகத்தான் இருக்கும்.

அடுத்து எண் சேகரிப்பு. பராமரிப்புக் கட்டணம் வாங்க வீடு வீடாகப் போகும் நாளே இதற்குச் சரியான நாள். பழைய நோட்டிலிருந்து எண்களை எடுத்துப் போடுவதில் பயனில்லை, பாதி மாறியிருக்கும். வீட்டு வாசலில் நிற்கும்போதே அவர் கைபேசியில் சங்கத்தின் எண்ணைச் சேமிக்கச் சொல்லி, அதிலிருந்து தெருவையும் கதவு எண்ணையும் எழுதி ஒரு செய்தி அனுப்பச் சொல்ல வேண்டும். அந்த ஒரு செய்தியில் அவர் எண் சரியானது, அதில் வாட்ஸ்அப் இருக்கிறது, அறிவிப்பு பெற அவருக்குச் சம்மதம் என்ற மூன்றும் உறுதியாகிவிடும். செயலாளர் அதைத் "தொ1 3-14" என்பதுபோல ஒரே ஒழுங்கில் சேமித்தால், பட்டியல் தயாரிக்கும்போது முதல் தொட்டிக்காரர்கள் எல்லோரும் வரிசையாக ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். ஆண்ட்ராய்டில் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு "New broadcast" என்பதில் போய், அவர்களைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் தயார். இரண்டாவது தொட்டிக்கு இன்னொரு பட்டியல். இரண்டுமே 256-க்குள் அடங்கிவிடுகின்றன.

அறிவிப்பு எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைச் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும். இரண்டு நாள் பொறுத்து, அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து "Message info" என்பதைத் திறந்தால், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்பது பெயர் பெயராகத் தெரியும். 180-இல் 151 பேருக்குச் சேர்ந்துவிட்டது, 29 பேருக்குச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் "போகாது" என்று கைவிடுகிறார்கள். நான் அந்த 29 பேருக்கும் பட்டியலிலிருந்து அல்லாமல் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்பச் சொல்வேன். அதில் 21 பேருக்கு இரண்டு டிக் விழுந்தால், அவர்களுடைய கைபேசி வேலை செய்கிறது, சங்கத்தின் எண் சேமிப்பில் இல்லை என்று பொருள். சேமித்துக்கொள்ளுங்கள் என்று அதே செய்தியிலேயே கேட்டுவிடலாம். மீதி 8 பேருக்குத் தனிச் செய்தியும் ஒற்றை டிக்கோடு நின்றால், கைபேசி அணைந்திருக்கிறது, எண் மாறிவிட்டது, இணையம் இல்லை, அல்லது அவர் சங்கத்தின் எண்ணைத் தடுத்திருக்கிறார். அந்த 8 வீட்டுக்கு ஆள் போக வேண்டும். ஒருவருக்கு நீல டிக் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அவர் படிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. படித்ததைக் காட்டும் வசதியை அவர் அணைத்து வைத்திருக்கலாம்.

இவ்வளவு வேலை ஒரு முறைதான். அதற்குப் பிறகு அது தரும் பயனைப் பாருங்கள். முதல் தொட்டியைக் கழுவ வேண்டும், வியாழக்கிழமை காலை 6 முதல் மதியம் 2 வரை தண்ணீர் இல்லை. முதல் தொட்டியின் பட்டியலுக்கு மட்டும் செய்தி போகிறது. மற்ற 232 வீடுகளின் கைபேசி ஒலிக்கவே இல்லை. 412 பேரும் இருக்கும் குரூப்பில் இதே செய்தியைப் போட்டால், சம்பந்தமில்லாதவர்கள் "எங்களுக்கும் வராதா?" என்று செயலாளரைத் தொலைபேசியில் பிடிப்பார்கள். இப்படி மூன்று முறை நடந்தால் அவர்கள் குரூப்பை ஒலியில்லாமல் ஆக்கிவிடுவார்கள். பிறகு உண்மையிலேயே அவர்கள் தொட்டியில் கோளாறு வரும் அன்று செய்தி யாருக்கும் கேட்காது. ஒரு பட்டியலுக்கு 256 பேர் என்ற வரம்பு இங்கே நன்மையாகவே முடிகிறது. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும் சொல்ல அது நம்மைப் பழக்குகிறது.

பதில்கள் தனியாக வருவதன் மதிப்பும் இங்கேதான் தெரியும். மூன்றாவது தெருவில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தகப்பனாரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகள் ஒருவர், எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் சமாளிக்க முடியாது, ஒரு லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு உண்டா என்று கேட்பார். 400 பேர் பார்க்கும் இடத்தில் அவர் அதைக் கேட்டிருக்க மாட்டார். பூட்டிய குரூப்பிலும் அட்மினுக்குத் தனியாக எழுத வழி உண்டு என்பது சரிதான். ஆனால் அங்கே அதற்காக அட்மின் யார் என்று தேடிப் பிடித்து, புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்க வேண்டும். பிராட்காஸ்ட்டில் செய்தி வந்த அதே பெட்டியில் பதிலைத் தட்டினால் போதும். வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 180 பேருக்கு அனுப்பினால் "எத்தனை மணிக்கு வரும்?" என்று 20 பேர் தனித்தனியாகக் கேட்பார்கள், குரூப் என்றால் ஒருவர் கேட்டதற்குச் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் ஆகிவிடும். இதற்கு மருந்து, செய்தியை முழுமையாக எழுதுவது. எந்தத் தெருக்கள், எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, காரணம் என்ன, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஐந்தும் முதல் செய்தியிலேயே இருந்தால் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிடும். அதையும் மீறி ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்தால், பட்டியல் முழுவதற்கும் இன்னொரு செய்தி. பிராட்காஸ்ட்டுக்குத் தகாத வேலையும் உண்டு. கேட்காதவர்களுக்கு விளம்பரம் தள்ளுவதற்கு இதைப் பயன்படுத்தினால், அவர்கள் தடுப்பார்கள், புகார் செய்வார்கள், கணக்கே முடங்கிப்போகலாம். அது நியாயமும்கூட.

சேனலைத் தூக்கிப் பிடிப்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. அவர்கள் குரூப்பின் தொல்லையை அறிந்தவர்கள். வாட்ஸ்அப் சேனல் 2023 ஜூன் மாதம் கொலம்பியாவிலும் சிங்கப்பூரிலும் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் 150-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வந்தது. பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை, நடத்துபவரின் எண்ணும் பின்தொடர்பவருக்குத் தெரிவதில்லை. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஒருவர் பின்தொடர்வதும் விலகுவதும் முழுக்க அவர் விருப்பம். எண்ணைக் காப்பதில் மூன்றில் இதுவே சிறந்தது, அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் "சேனல் வந்துவிட்டதால் மற்ற இரண்டும் தேவையில்லை" என்ற முடிவை ஏற்க முடியாது. சேனலில் போடும் செய்தி உரையாடல்களுக்கு நடுவே வந்து விழுவதில்லை. 'Updates' என்னும் தனிப் பக்கத்தில், ஸ்டேட்டஸ்களுக்குக் கீழே போய் நிற்கிறது. புதிதாகப் பின்தொடர்பவருக்கு அறிவிப்பு ஒலி அணைந்த நிலையில்தான் இருக்கும். அவரே போய் மணிக் குறியைத் தொட்டால்தான் ஒலிக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கும் பழக்கமே இல்லாத அம்மாக்களும் தாத்தாக்களும் ஏராளம். சங்க அலுவலகச் சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் போன்றது அது. பார்க்க வருபவர் பார்ப்பார். நாளைக் காலை தண்ணீர் வராது என்ற செய்தியை இரவு எட்டு மணிக்கு அந்தப் பலகையில் எழுதிவிட்டு, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று செயலாளர் படுக்கப் போக முடியுமா?

நான்காவது கேள்வியில் சேனல் முழுமையாகத் தோற்கிறது. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று தெரியும், எத்தனை பேர் விரலை உயர்த்தினார்கள், இதயம் போட்டார்கள் என்பது தெரியும். மூன்றாவது தெரு 14-ஆம் எண் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது ஒருபோதும் தெரியாது. ஆகவே, சேராத 8 வீட்டுக்கு ஆள் அனுப்பும் வழியும் இல்லை. பின்தொடர்பவர் தாமாக உங்களுக்குத் திரும்ப எழுதவும் முடியாது; ஒரு குறியைத் தொடலாம் அல்லது நீங்கள் வைக்கும் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம். குரூப்பிலும் பிராட்காஸ்ட்டிலும் போகும் செய்தியை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் உண்டு. சேனலில் அது இல்லை, ஏனென்றால் அது வெளிப்படையாகப் பேசுவதற்கான இடம். ஆகவே ஒரு வீட்டின் கட்டண பாக்கி, ஒரு மாணவனின் பெயர், ஒரு நோயாளியின் சோதனை நாள் எதையும் அங்கே எழுதக் கூடாது. போட்ட செய்திகள் நிறுவனத்தின் சர்வரில் 30 நாள் வரைதான் இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சங்கத்தின் ஆண்டுக் கணக்கை அங்கே போட்டுவிட்டு அதுவே ஆவணம் என்று நம்புவது ஏமாற்றத்தில் முடியும்.

டெலிகிராம் பயன்படுத்துபவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. டெலிகிராமின் சேனல் உரையாடல் வரிசையிலேயே வந்து நிற்கும். பழைய செய்திகள் முழுதும் இருக்கும். ஒவ்வொரு செய்திக்குக் கீழும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் தெரியும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறிப்புகளும் கோப்புகளும் பகிர அது அருமையான இடம். 2015-இல் சேனலைக் கொண்டுவந்தபோது டெலிகிராம் தன்னுடைய பழைய பிராட்காஸ்ட் பட்டியலை நிறுத்திவிட்டது. சேனல்தான் அதற்கு மாற்று என்று சொன்னது. "பிராட்காஸ்ட் பழசு" என்று நம்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வாட்ஸ்அப் அப்படிச் செய்யவில்லை, சேனல் வந்த பிறகும் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒரு செயலியில் உண்மையானதை இன்னொரு செயலிக்குத் தூக்கிப் பொருத்த முடியாது, பெயர் ஒன்றாக இருந்தாலும். அதோடு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் யார் பார்க்கவில்லை என்பதைச் சொல்வதில்லை.

அப்படியானால் சேனல் எதற்கு? யார் கேட்க வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியாத இடத்துக்கு. தேர்த்திருவிழா நிகழ்ச்சி நிரல், நூலகத்துக்கு வந்த புதிய நூல்கள், ஒரு சிற்றிதழின் இதழ் அறிவிப்பு, வானிலை ஆர்வலர் எழுதும் மழைக் குறிப்பு. தவறவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லாத, ஆனால் யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளத்தக்க செய்திகள் இவை. புதிதாக வந்தவருக்கு முந்தைய நாட்களின் செய்திகள் கண்ணில் படுவது இங்கே பெரும் பயன். குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய செய்திகள் தாமாகத் தெரிவதில்லை.

குரூப்புக்கும் அதற்கென்று இடம் உண்டு. அதில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆக வேண்டும் என்ற வேலைகளுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. திருவிழாவுக்குச் சமையல், பந்தல், ஒலிபெருக்கி என்று பொறுப்பேற்ற 15 பேர், இரவு ரோந்துக்கு முறைவைத்துப் போகும் தெருக்காரர்கள், ஒரே வேனில் பிள்ளைகளை அனுப்பும் 12 வீடுகள். இங்கே எண் தெரிவதுதான் வேலையே. இவர்கள் அறிவிப்பைக் கேட்க மட்டும் கூடியவர்கள் அல்லர். அறிவிப்புக்கான கூட்டமே பெரியது, செய்தி உரையாடல் பக்கத்திலேயே வரவும் வேண்டும், பல பேர் சேர்ந்து நடத்தவும் வேண்டும் என்றால், 2022 முதல் வாட்ஸ்அப்பில் இருக்கும் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்தலாம். அதில் சாதாரண உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்படுவதில்லை, அட்மின்களுக்கு மட்டும் தெரியும். பூட்டிய குரூப் செய்வதாகச் சொல்லிச் செய்யாததை இது செய்கிறது. ஆயினும் கருத்தரிப்பு மருத்துவமனைக்கு இதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தனித்தனிச் செய்தியே சரி.

எல்லோரும் வைத்திருக்கும் வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால் என் தீர்ப்பு கிடைத்துவிடும். உங்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்கள் அதைக் கேட்டு ஏதோ செய்தாக வேண்டும், கேட்காவிட்டால் நஷ்டம் என்றால் பிராட்காஸ்ட் லிஸ்ட், அதுவும் தேவைக்கேற்பப் பிரித்த பட்டியல்கள். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் சிறிய குரூப். யார் என்றே தெரியாத பலருக்கு, வேண்டியபோது பார்த்துக்கொள்ளட்டும் என்றால் சேனல். 412 வீட்டுச் சங்கம் இந்த மூன்றையுமே வைத்திருக்கலாம்: தண்ணீருக்கு இரண்டு பட்டியல், செயற்குழுவுக்கு ஒரு குரூப், பொங்கல் விழா விவரங்களுக்கு ஒரு சேனல்.

இதைப் படிக்கும் நீங்கள் எந்தக் குரூப்புக்காவது அட்மின் என்றால், இன்றே அதன் உறுப்பினர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பாருங்கள். அங்கே இருப்பவர்கள் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும் என்று உங்களிடம் கேட்டவர்களா? கேட்கவில்லை என்றால், அவர்களுக்குப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து, சங்கத்தின் எண்ணைச் சேமிக்கச் சொல்லி, செய்தி சேர்கிறது என்று சோதித்துப் பார்த்த பிறகு, அந்தக் குரூப்பைக் கலைத்துவிடுங்கள்.